இரண்டு ஜிபி நினைவகம், பத்தாண்டுப் பழைய மடிக்கணினி: எந்த லினக்ஸ் வழங்கல்?

தமிழ்நாட்டிலிருந்து ஹைதராபாத்தின் பல்கலைக்கழகங்களுக்கு ஆய்வுக்கென வரும் மாணவர்கள் சிலரிடம் இன்றும் ஓர் அரசு மடிக்கணினி இருக்கிறது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட திட்டத்தின்கீழ் எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்து, பள்ளி இறுதி வகுப்பிலும் கல்லூரியிலும் வழங்கப்பட்ட கருவி அது. தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் 2 ஜிபி நினைவகமும் 320 ஜிபி வன்தட்டும் இருந்தன. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் ஒரு பக்கமும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் மறுபக்கமுமாக இரண்டு இயங்குதளங்கள் நிறுவப்பட்டிருந்தன. விண்டோஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டன. அப்போது நிறுவப்பட்ட பாஸ் பதிப்பும் காலாவதியாகி நெடுநாளாயிற்று.

இக்கருவியைத் தூக்கி எறியலாமா, இன்னும் மூன்றாண்டு ஓட்டலாமா என்பது பலருக்கு வெறும் ஆர்வக் கேள்வியன்று. நெட் தேர்ச்சி வழியாக உதவித்தொகை பெறாத முனைவர்பட்ட மாணவருக்கு மத்தியப் பல்கலைக்கழகங்களில் கிடைப்பது மாதம் 8,000 ரூபாய். சாதாரணமான ஒரு புதிய மடிக்கணினி என்பது அதில் நான்கைந்து மாத வருமானம். ஆகவே பழைய கருவிக்கு எந்த லினக்ஸ் வழங்கலைத் தேர்வது என்பது கவனமாக விடை காண வேண்டிய கேள்வி. அதற்குப் பெரும்பாலும் தவறான அளவுகோலைக்கொண்டே விடை சொல்லப்படுகிறது என்பது என் கருத்து.

வழக்கமான அளவுகோல் இதுதான்: கணினியைத் துவக்கியவுடன், எதையும் திறக்காத நிலையில், எந்த வழங்கல் குறைவான நினைவகத்தை எடுத்துக்கொள்கிறதோ அதுவே சிறந்தது. இந்த அளவுகோலின்படி பப்பி லினக்ஸ் முதலிடத்திலும், ஆன்டிஎக்ஸ் அடுத்தும், எக்ஸ்எஃப்சிஈ அல்லது எல்எக்ஸ்கியூடி பணிச்சூழல் கொண்ட வழங்கல்கள் அதற்கும் அடுத்தும் வருகின்றன. பட்டியல் பொய்யன்று. ஆனால் ஆய்வு மாணவர் வெறுமையான திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதற்காகக் கணினியைத் திறப்பதில்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

2 ஜிபி என்று எழுதப்பட்ட கருவியில், திரைவரைவுச் சில்லு தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு, இயங்குதளத்தின் கைக்கு வருவது ஏறத்தாழ 1.8 ஜிபி. ஐஸ்டபிள்யூஎம் சாளர மேலாளியுடன் வரும் ஆன்டிஎக்ஸ், துவங்கியவுடன் சுமார் 200 எம்பி எடுக்கும். டெபியனும் எல்எக்ஸ்கியூடியும் சேர்ந்தால் சுமார் 400 எம்பி. வேறுபாடு 200 எம்பி. பயர்பாக்ஸைத் திறந்து, மின்னஞ்சல் ஒன்று, கூகுள் டாக்ஸ் ஆவணம் ஒன்று, இதழ்க் கட்டுரைகள் இரண்டு என நான்கு தாவல்களை வைத்தாலே ஒரு ஜிபி எளிதாகக் கரைந்துவிடும். ஆக, மிக இலகுவான வழங்கலைத் தேடி நாம் ஈட்டும் 200 எம்பி, கனமான ஒரே ஒரு தாவலுக்குச் சமம்.

இந்தக் கணக்கைத் தம் கருவியிலேயே சரிபார்க்க விரும்புவோர் `free -h` என்ற கட்டளையை இடலாம். அங்கே `free` என்ற நெடுவரிசையில் மிகச் சிறிய எண்ணைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை. லினக்ஸ், சும்மா கிடக்கும் நினைவகத்தில் அண்மையில் படித்த கோப்புகளை வைத்துக்கொள்ளும், கேட்டவுடன் விட்டுக்கொடுக்கும். பார்க்க வேண்டியது `available` என்ற நெடுவரிசை. புதிய நிரலொன்றுக்கு உண்மையில் எவ்வளவு கிடைக்கும் என்பதை அதுவே சொல்கிறது. இணையத்தில் உலவும் ஒப்பீடுகளில் பல, வெவ்வேறு கருவிகள் வெவ்வேறு முறையில் கணக்கிட்ட எண்களை அருகருகே வைத்தவை என்பதையும் நினைவிற்கொள்க.

இப்போது இன்னொரு வழியைப் பாருங்கள். லினக்ஸ் கர்னலில் இசட்ராம் என்றொரு வசதி உண்டு. நினைவகம் நிரம்பும்போது, பயன்பாட்டில் இல்லாத பக்கங்களை வன்தட்டுக்கு அனுப்பாமல், சுருக்கி நினைவகத்திலேயே ஒரு மூலையில் வைத்துக்கொள்ளும் முறை இது. உலாவியின் பக்கங்கள் பொதுவாக இரண்டரை மடங்குக்கு மேல் சுருங்கும். அதாவது 1 ஜிபி தரவு சுமார் 400 எம்பி இடத்தில் அடங்கும். நமக்கு 600 எம்பி மிச்சம். வழங்கலை மாற்றி ஈட்டிய 200 எம்பியைப் போல மூன்று மடங்கு இது. எந்த வழங்கலிலும் இதைச் செய்துகொள்ளலாம். விலையாகக் கொடுப்பது செயலியின் சிறிது உழைப்பு மட்டுமே.

எனவே துவக்க எடை என்பது தேர்வின் முதன்மை அளவுகோலாக இருக்க இயலாது. அப்படியானால் எதைப் பார்ப்பது?

ஆயுள்

ஆய்வேடு எழுதி முடிக்கும்வரை, மறுபடி நிறுவாமல், பாதுகாப்புத் திருத்தங்களோடு ஓடும் வழங்கலே நமக்கு வேண்டியது. பல்கலைக்கழகக் கடவுச்சொல், வங்கிக் கணக்கு, உதவித்தொகைத் தளம் எல்லாம் ஒரே உலாவியில் இருக்கும்போது அந்த உலாவி புதுப்பிக்கப்படாமல் கிடப்பது ஆபத்து. இந்த அளவுகோலின்படி என் பரிந்துரை டெபியன் நிலைப்பதிப்பு, பணிச்சூழல் எல்எக்ஸ்கியூடி.

டெபியன் 13, 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளியானது. மூன்றாண்டு முழு ஆதரவும், அதன்பின் இரண்டாண்டு நீண்டகால ஆதரவும் உண்டு; ஆக 2030 வரை கவலையில்லை. முனைவர்பட்டக் காலம் அதற்குள் அடங்கும். அரசு மடிக்கணினியோடு வந்த பாஸ் லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே. ஆன்டிஎக்ஸும் அப்படியே. உபுண்டுவும் அதன் வழிவந்தது. இவை அனைத்துக்கும் தாய்வீடு ஒன்று. கிளைகள் பல, சிறு குழுக்களின் உழைப்பில் நிற்பவை, அவ்வுழைப்பு மதிக்கத்தக்கது. ஆனால் ஒருவர் ஓய்ந்தால் திட்டமே தளரும் அபாயம் அவற்றுக்கு உண்டு. தாய்வீட்டுக்கு அது மிகக் குறைவு.

பப்பி லினக்ஸை இந்த இடத்தில் ஏன் மறுக்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். அது தன்னை முழுவதுமாக நினைவகத்தில் ஏற்றிக்கொண்டு ஓடுவதால்தான் வேகமாகத் தெரிகிறது. நம்மிடம் குறைவாக இருப்பதும் அந்த நினைவகந்தான். மேலும் இயல்பாக அது நிர்வாகிப் பயனராகவே நம்மை உள்ளே விடுகிறது. பழுதான வன்தட்டிலிருந்து கோப்புகளை மீட்க அதைவிட நல்ல கருவி அரிது. ஒவ்வொருவரும் ஒரு பென்டிரைவில் வைத்திருக்கலாம். அன்றாடம் வங்கிக் கணக்கைத் திறக்கும் இயங்குதளமாக அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

லுபுண்டுவிலும் எல்எக்ஸ்கியூடி இருக்கிறதே என்று கேட்கலாம். அதில் பயர்பாக்ஸ் ஸ்னாப் பொதியாக வருகிறது. பழைய சுழலும் வன்தட்டில் அது முதன்முறை திறக்க எடுக்கும் நேரம் பொறுமையைச் சோதிக்கும். லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஈ பதிப்பில் அச்சிக்கல் இல்லை. ஆனால் அதன் உருவாக்குநர்களே குறைந்தது 2 ஜிபி என்றும், வசதியாகப் பயன்படுத்த 4 ஜிபி என்றும் குறிப்பிடுகின்றனர். 4 ஜிபி உடையவர்கள் தயங்காமல் மின்ட்டைத் தேரலாம்.

ஒரு கருவியில் செய்தது

வரலாற்றுத் துறையில் ஆய்வு செய்யும் தோழர் ஒருவரின் அரசு மடிக்கணினியில் அண்மையில் இதைச் செய்தோம். 2 ஜிபி நினைவகம், சுழலும் வன்தட்டு, இரட்டைக்கருச் செயலி.

முதலில் செயலியைப் பார்த்தோம். `lscpu` காட்டும் பட்டியலில் `CPU op-mode(s)` என்ற வரியில் `64-bit` இருக்க வேண்டும். இருந்தது. டெபியன் 13இல் 32 பிட் செயலிகளுக்கான நிறுவியோ கர்னலோ இல்லை என்பதால் இந்த ஒரு வரியே பாதித் தீர்ப்பு.

அடுத்து வன்தட்டு. பத்தாண்டு ஓடிய தட்டு பழுதாகியிருந்தால் எந்த வழங்கலை நிறுவினாலும் கணினி திணறும். பழி வழங்கலின்மேல் விழும். பென்டிரைவிலிருந்து ஒரு நேரடி லினக்ஸைத் துவக்கி, `smartmontools` பொதியை நிறுவி, `sudo smartctl -a /dev/sda` என்று கேட்டோம். அதில் `Current_Pending_Sector`, `Reallocated_Sector_Ct` ஆகிய இரண்டு வரிகளின் கடைசி எண்கள் சுழியாக இருந்தால் நலம். முதலாவது சுழியைவிடக் கூடுதலாக இருந்தால் அன்றே கோப்புகளை வெளியே எடுத்துவிட வேண்டும். அத்தட்டில் எதையும் நிறுவுவது வீண்.

நிறுவும்போது ஓரிடத்தில் மட்டும் விழிப்பு வேண்டும். மென்பொருள் தேர்வுத் திரையில் `Debian desktop environment` என்பதும் `GNOME` என்பதும் முன்கூட்டியே குறியிடப்பட்டிருக்கும். இரண்டையும் நீக்கிவிட்டு `LXQt` என்பதைக் குறியிட வேண்டும். அவசரத்தில் எண்டர் விசையைத் தட்டியவர்கள் நோம் பணிச்சூழலைப் பெற்று, டெபியன் பழைய கருவிக்குப் பொருந்தாது என்ற முடிவுக்கு வந்துவிடுவதுண்டு. சில பழைய பிராட்காம் வைஃபை சில்லுகளுக்கான இயக்கி நிறுவியில் இருக்காது; கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து அதன் இணையத்தைப் பகிர்ந்தால் நிறுவல் தடையின்றி முடியும்.

பிறகு இசட்ராம்:

```
sudo apt install zram-tools
sudo nano /etc/default/zramswap
```

திறக்கும் கோப்பில் இரண்டு வரிகளைத் திருத்தினோம்:

```
ALGO=zstd
PERCENT=60
```

`sudo systemctl restart zramswap` என்று மறுதொடக்கம் செய்து, `sudo swapon --show` இட்டால் `/dev/zram0` முன்னுரிமை 100 உடன் தெரியும். நிறுவலின்போது வன்தட்டில் உண்டான ஸ்வாப் பகுதியை அழிக்கவில்லை. அதன் முன்னுரிமை குறைவு. இசட்ராம் நிரம்பிய பின்பே அது பயன்படும்.

இவ்வளவும் செய்தபின் இரண்டு நாள் கருவி நன்றாக ஓடியது. மூன்றாம் நாள், ஸ்கேன் செய்த பழைய தமிழ் நூலொன்றை `ocrmypdf` கொண்டு எழுத்துணர்த்த முயன்றபோது அசையாமல் நின்றது. காரணம் கற்றுக்கொள்ளத்தக்கது. டெபியன் 13 முதல் `/tmp` என்னும் தற்காலிகக் கோப்புறை வன்தட்டில் இல்லை, நினைவகத்தில் இருக்கிறது. அதன் உச்ச அளவு மொத்த நினைவகத்தில் பாதி. எழுத்துணரி ஒவ்வொரு பக்கத்தையும் படமாக்கி அங்கேதான் குவிக்கும். முந்நூறு பக்க நூலென்றால் நினைவகம் நிரம்புவது உறுதி. `df -h /tmp` இட்டபோது முதல் நெடுவரிசையில் `tmpfs` என்று காட்டியது, ஐயம் தீர்ந்தது. தீர்வு ஒரு வரி, பிறகு ஒரு மறுதொடக்கம்:

```
sudo systemctl mask tmp.mount
```

பெரிய நினைவகமுள்ள கணினிகளுக்கு நன்மை தரும் ஏற்பாடு, சிறிய கணினிக்குச் சுமையாகிறது. எந்த வழங்கலும் நம் கருவியை மனத்திற்கொண்டு உருவாக்கப்படுவதில்லை. ஓரிரண்டு அமைப்புகளை நாமே திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. சரியான ஆவணங்களும் நீண்ட ஆதரவும் உள்ள வழங்கலாக இருந்தால் இத்திருத்தத்தை ஒருமுறை செய்தால் போதும்.

கருவி திணறும்போது காரணத்தைக் கண்டறிய `vmstat 1` உதவும். நொடிக்கொரு வரியாக எண்கள் ஓடும். இசட்ராம் இருக்கும்போது `si`, `so` என்னும் நெடுவரிசைகளில் எண்கள் தோன்றுவது இயல்பு. அவை சுருக்கி விரிக்கும் பணியையும் எண்ணுகின்றன. `wa` என்ற நெடுவரிசை விடாமல் உயர்ந்து நின்றால்தான் செயலி வன்தட்டுக்காகக் காத்திருக்கிறது என்று பொருள். அப்போது மூட வேண்டியது தாவல்களை. பயர்பாக்ஸின் முகவரிப் பட்டியில் `about:processes` என்று இட்டால் எந்தத் தாவல் எவ்வளவு தின்கிறது என்பது தெரியும். `about:unloads` பக்கத்தில் தாவல்களை மூடாமலே அவற்றின் நினைவகத்தை விடுவிக்கலாம்.

ஆய்வுப் பணியும் தமிழும்

நம் அன்றாட வேலையில் இரண்டு பழக்கங்களை மாற்றினால் வழங்கலை மாற்றுவதைவிடப் பயன் மிகுதி. முதலாவது, சோத்கங்காவிலிருந்து இறக்கிய ஆய்வேடுகளை உலாவியிலேயே படிப்பது. ஸ்கேன் செய்த பக்கங்களை உலாவி படிப்பதற்கு எடுக்கும் நினைவகத்தில் சிறு பங்கே `zathura` போன்ற தனிப் படிப்பிக்குப் போதும். இரண்டாவது, சோட்டெரோவை எப்போதும் திறந்து வைப்பது. சோட்டெரோ மொசில்லாவின் அடித்தளத்தின்மேல் கட்டப்பட்டது. அதைத் திறப்பது இரண்டாவது உலாவி ஒன்றைத் திறப்பதற்கு ஒப்பானது. மேற்கோள் இடும் நேரத்தில் மட்டும் திறந்தால் போதும்.

தமிழ் உள்ளீட்டுக்கு, இன்ஸ்கிரிப்ட் பழகியவர்களுக்குத் தனி நிரலே வேண்டாம். எக்ஸ்11 அமர்வில் விசைப்பலகை அமைப்புக்குள்ளேயே அது இருக்கிறது. நினைவகச் செலவு இல்லை. தமிழ்99 பழகியவர்கள் `ibus-m17n` அல்லது `fcitx5-m17n` பொதியை நிறுவ வேண்டும். அதற்கெனச் சில பத்து எம்பி செலவாகும். மெய்யெழுத்துக்குத் தானே புள்ளியிடும் வசதிக்கு அந்த விலை தகும். எழுத்துருவுக்கு `fonts-noto-core` போதுமானது.

தீர்ப்பு மாறும் இடங்கள்

செயலி 32 பிட் என்றால், அல்லது நினைவகம் 1 ஜிபி மட்டுமே என்றால், நான் மேலே போட்ட கணக்கு தலைகீழாகும். 1 ஜிபியில் 200 எம்பி என்பது ஐந்தில் ஒரு பங்கு. அங்கே டெபியன் 12ஐ அடிப்படையாகக் கொண்டதும் 32 பிட் பதிப்பு உள்ளதுமான ஆன்டிஎக்ஸ் 23 சரியான தேர்வு. ஆனால் அக்கருவியின் நாள்கள் எண்ணப்பட்டுவிட்டன என்பதையும் அறிந்தே செய்ய வேண்டும். 32 பிட் லினக்ஸுக்கான ஆதரவைப் பயர்பாக்ஸ் 144ஆம் பதிப்போடு மொசில்லா முடித்துக்கொண்டது. எழுதுவதற்கும் படிப்பதற்கும் அக்கருவி இன்னும் பல்லாண்டு உதவும், இணையத்துக்கு உதவாது.

2 ஜிபியிலும் சில செயல்கள் நடவா. காணொளிக் கூட்டத்தில் பேசிக்கொண்டே திரையைப் பகிர்வது அவற்றுள் ஒன்று. அதைக் கைப்பேசிக்கு விட்டுவிடுவதே மேல். பெரிய தரவுத் தொகுப்புகளை ஆர் மொழியில் முழுமையாக ஏற்றுவதும் கூடாது. இவ்வேலைகளே ஆய்வின் மையமாக இருப்பவர்களிடம் லினக்ஸை நிறுவிக்கொடுத்து எல்லாம் சரியாகும் என்று சொல்வது நேர்மையன்று.

கையில் சிறிது பணம் சேர்ந்தால் முதல் செலவு நினைவகத்துக்கு, எஸ்எஸ்டி அடுத்தது. `sudo dmidecode -t memory` இட்டால் கருவி ஏற்கும் உச்ச அளவும் காலியான இடமும் தெரியும். செகந்திராபாத் பார்க் லேனில் உள்ள சேனாய் டிரேட் சென்டரில் பழைய மடிக்கணினிகளுக்கான டிடிஆர்3 சில்லுகள் இன்னும் கிடைக்கின்றன. வாங்கும்போது 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் வகையைக் கேட்டு வாங்குங்கள். 1.5 வோல்ட் கருவிகளிலும் அது பெரும்பாலும் ஓடும், 1.35 வோல்ட் மட்டுமே தரும் கருவியில் பழைய வகை ஓடாது. பழைய சில்லையும் கையோடு கொண்டுபோனால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கட்டற்ற மென்பொருள் இயக்கங்களுக்கும் வளாகக் கணினி மன்றங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஹைதராபாத்தில் ஸ்வேச்சா போன்ற அமைப்புகள் தெலுங்கிலேயே ஓர் இயங்குதளத்தைத் தந்த மரபு நமக்கு இருக்கிறது. நிறுவல் முகாம்களில் மிக வேகமாகத் துவங்கும் வழங்கலை நிறுவிக் கைதட்டல் பெறுவது எளிது. ஆறு மாதம் கழித்து அந்த மாணவர் மேம்படுத்த முயலும்போது அருகில் யாரும் இருப்பதில்லை. நிறுவும் நாளில் வன்தட்டைச் சோதித்து, இசட்ராமை இயக்கி, `/tmp` அமைப்பைத் திருத்தி, ஆதரவு முடியும் ஆண்டை ஒரு சீட்டில் எழுதி மடிக்கணினியின் அடியில் ஒட்டிக்கொடுங்கள். 8,000 ரூபாயில் மாதத்தை ஓட்டும் ஒருவருக்கு அந்தச் சீட்டிலுள்ள ஆண்டுதான், அடுத்த கருவிக்கு எப்போது பணம் சேர்க்கத் தொடங்க வேண்டும் என்பதைச் சொல்லும்.